மின்னஞ்சலில் நானும் நாங்களும்

கணக்குப் பிரிவுத் தலைவர் ஒருவர் வாடிக்கையாளருக்கு எழுதுகிறார்: "பில்லில் வரி தவறாகிவிட்டது. நாங்கள் விரைவில் சரிசெய்கிறோம்." யார், எப்போது என்பது தெரியாததால் வாடிக்கையாளர் மறுநாளே போன் செய்வார். "வரி விகிதத்தைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். திருத்திய பில்லை இன்று மாலை 4 மணிக்குள் நானே அனுப்புகிறேன்" என்றால் கேள்விக்கே இடமில்லை. பில் போட்டவர் உதவியாளர் என்றாலும், சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு தலைவருடையது. வெளியே போகும் கடிதத்தில் உதவியாளர் பெயர் வேண்டவே வேண்டாம்.

மேலதிகாரிக்கு நல்ல செய்தி எழுதும்போது கதை வேறு. "ஆண்டுக் கணக்கை முடித்தோம்" என்பது சரிதான், ஆனால் உழைத்தவர் அதற்குள் மறைந்துபோகிறார். விடுபட்ட ரசீதுகளைத் தேடி எடுத்தவர் யாரென்று அடுத்த வரியில் பெயரோடு எழுதுங்கள். அந்த மின்னஞ்சலின் நகல் அவருக்கும் போகட்டும்.