சளி வேற, ஃப்ளூ ஜுரம் வேற

நான் வேங்கிக்கால். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். டாக்டர் பேச வேண்டியதை இவ பேசுறாளே என்று நினைக்காதீங்க. காய்ச்சல் முகாமில் டாக்டரம்மா சொன்னதையும், எங்க தெருவில் நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்.

2023 மார்ச் மாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு வீடு ஜுரம், இருமல். மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க 1000 இடத்தில் அரசாங்கம் காய்ச்சல் முகாம் போட்டது. அப்போ பரவினது எச்3என்2 என்கிற ஃப்ளூ. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று எல்லாரும் பயந்தோமே, எச்1என்1, அதுவும் ஃப்ளூ வகைதான். நாம என்ன செய்றோம், மூக்கு ஒழுகினாலும் சளி ஜுரம் என்கிறோம், ஆளையே படுக்கப் போட்டாலும் சளி ஜுரம் என்கிறோம். ரெண்டும் வேற வேற கிருமி.

சளி மெதுவா வரும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், அடுத்த நாள் தும்மல், அப்புறம் மூக்கு தண்ணியா ஒழுகும், ரெண்டு மூணு நாளில் கெட்டியாகி மஞ்சளா, பச்சையா வரும். பச்சையா வந்தாலே முத்திப் போச்சு என்று ஓடுறோம். அப்படி இல்லை, சளி ஆறும்போதே அந்த நிறம் வரும். பெரியவங்களுக்கு ஜுரம் இருக்காது, இருந்தாலும் லேசா இருக்கும். ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள். ஆள் மூக்கைத் துடைச்சுக்கிட்டே சமைப்பாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க.

ஃப்ளூ அப்படி வராது. காலையில் நல்லா இருந்தவங்க சாயந்திரம் குளிர் நடுக்கத்தோட படுத்துடுவாங்க. எத்தனை மணிக்கு வந்ததுன்னு கேட்டா மணியைச் சொல்லுவாங்க, அவ்வளவு சட்டென்று வரும். ஜுரம் 101, 102க்கு மேல போகும். தலைவலி, இடுப்பு, கை கால் எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். மூக்கு ஒழுகுறது இதில் பெரிசா இருக்காது. ஜுரம் மூணு நாலு நாளில் விடும். அசதி ரெண்டு வாரம்கூட இருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரியா வராது. சாதா சளிக்கே அதுங்களுக்கு ஜுரம் வரும், ஃப்ளூன்னா வாந்தியும் எடுக்கும்.

இந்த வித்தியாசம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு ஒரு அக்கா கேட்டாங்க. எங்க தெருவில் ஒரு வீட்டைச் சொல்றேன். நாலாவது படிக்கிற பையனுக்கு முதலில் சளி. ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு தெருவில் கோலி ஆடிக்கிட்டு இருந்தான். மிளகு ரசம், ஆவி பிடிச்சது, ஒரு வாரத்தில் சரியாச்சு. ஒரு மாசம் கழிச்சு அவங்க அப்பா சென்னைக்கு வேலைக்குப் போய் வந்தார். ராத்திரி பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே ஜுரம், எழுந்து உட்கார முடியலை. மூணாம் நாள் சாயந்திரம் அவர் வீட்டுக்காரிக்கு அதே மாதிரி. அந்தப் பொண்ணு அப்போ அஞ்சு மாச கர்ப்பம். போன மாசம் பையனுக்கு வந்த சளிதானே, கஷாயம் வெச்சுத் தரேன்னு மாமியார் சொன்னாங்க. அந்தப் பொண்ணு கேட்கலை. மறுநாள் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிட்டா. டாக்டர் டெஸ்ட் எதுவும் எடுக்காமலே ஓசல்டாமிவிர் என்கிற மாத்திரை கொடுத்தார், காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள்.

கவனிங்க, அந்தப் புருஷனுக்கு அந்த மாத்திரை கொடுக்கலை. பாரசிட்டமால், கஞ்சி, ஓய்வு, அவ்வளவுதான். ஒரே ஜுரம், ஒருத்தருக்கு மாத்திரை உண்டு, ஒருத்தருக்கு இல்லை. ஏன்னு முகாமில் கேட்டப்போ டாக்டரம்மா விளக்கினாங்க. அரசாங்கம் ஃப்ளூவை ஏ, பி, சி என்று மூணாப் பிரிச்சு வெச்சிருக்காம்.

லேசான ஜுரம், இருமல், வேற நோய் இல்லாத ஆள் என்றால் ஏ. வீட்டிலேயே இருக்கணும், ரெண்டு நாள் கழிச்சு எப்படி இருக்குன்னு பார்க்கணும், ஃப்ளூ மாத்திரை வேண்டாம். ஜுரம் ரொம்ப அதிகமாகி, தொண்டைவலியும் கடுமையா இருந்தா பி. ஆனா கர்ப்பிணி, 65 வயசுக்கு மேல் உள்ளவங்க, சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், கிட்னி நோய் இருக்கிறவங்க, இவங்க எல்லாம் ஜுரம் லேசா இருந்தாலே பி. இவங்களுக்குத்தான் மாத்திரை. இதில் முக்கியம் நேரம். ஜுரம் வந்த 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் அது நல்லா வேலை செய்யும். கிருமி உடம்பில் பெருகுறதைத் தடுக்கிற மாத்திரை அது, பெருகி முடிச்ச பிறகு தடுக்க என்ன இருக்கு? அதனால, மூணு நாள் பார்ப்போம், விடலைன்னா போவோம் என்கிற நம்ம பழக்கம் புருஷனுக்குச் சரி, அந்தப் பொண்ணுக்கு ஆகாது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்க தெருவில் யார் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை வருதுன்னு உங்களுக்கே தெரியும், மாத்திரை கொண்டு போறது நம்ம குழுப் பொண்ணுங்கதானே. அந்த வீட்டில் சட்டுனு ஜுரம்னு கேள்விப்பட்டா அன்னைக்கே அனுப்பிவிடுங்க. மெடிக்கலில் நீங்களா கேட்டு வாங்கிடாதீங்க, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும்.

சி என்பது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலமாகிறது, கூப்பிட்டா சரியா முழிக்காம மயங்கிக் கிடக்கிறது. குழந்தைன்னா பால் குடிக்காது, சோறு இறங்காது, வலிப்பு வரும். குழந்தைக்கு மூச்சு வாங்குதான்னு வீட்டிலேயே பார்க்கலாம். அழாம இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குறதை ஒரு முழு நிமிஷம் கடிகாரம் பார்த்து எண்ணுங்க. ரெண்டு மாசத்தில் இருந்து ஒரு வயசுக்குள்ள 50 அல்லது அதுக்கு மேல, ஒரு வயசில் இருந்து அஞ்சு வயசுக்குள்ள 40 அல்லது அதுக்கு மேல போனா அது வேக மூச்சு. அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தா 108ஐக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு. ஜுரம் விட்டு ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு மறுபடி ஜுரம் ஏறி இருமல் அதிகமானா, நுரையீரலில் நிமோனியா பிடிச்சிருக்கலாம். அதைப் பழைய ஜுரம்தான்னு விட்டுடக் கூடாது. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்குவும் கூடவே வரும். அதனால வலிக்கு பாரசிட்டமால் தவிர வேற மாத்திரை போடாதீங்க.

ஊசி போடாம அனுப்பிட்டாங்கன்னு டாக்டரைத் திட்டுறோம். சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்காது. இந்திய மருத்துவர் சங்கமே 2023 மார்ச்சில், ஜுரம் மூணு நாளில் போயிடும், இருமல் மூணு வாரம் வரை இருக்கும், ஆன்டிபயாடிக் எழுதாதீங்கன்னு டாக்டர்களுக்கே சொல்லிச்சு. எங்க தெருப் பொண்ணுக்கும் நாலாம் நாள் ஜுரம் விட்டுச்சு, இருமல் மட்டும் பதினாறு நாள். ராத்திரி இருமி இருமி வயிறு வலிக்குதுன்னு ரெண்டு தடவை போய்க் காட்டினா. மூச்சையும் குழந்தைத் துடிப்பையும் பார்த்துட்டு, ரெண்டும் நல்லா இருக்குன்னு ரெண்டு தடவையும் வேற மாத்திரை இல்லாமலே அனுப்பினாங்க.