கலைவாணர் வழக்கும் மேல்முறையீடும்
(ஆசிரியர் பணித்திறன் பயிற்சியில் ஆற்றிய உரை)



நீதித்துறை பாடம் நடத்தும்போது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கீழ்க்கோர்ட்டில் ஆயுள் தண்டனை, மேல்கோர்ட்டில் விடுதலை. அப்படியானால் முதல் நீதிபதிக்குச் சட்டம் தெரியாதா சார்?" இதற்கு விடை சொல்ல நம் ஊர்க்காரர் வழக்கே போதும். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைத்தான் சொல்கிறேன்.

1944 நவம்பர் 8 அன்று, 'இந்துநேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். கொலைச்சதி என்று எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

அவர்கள் அதே உயர்நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வுக்குப் போனார்கள். தள்ளுபடி. ஏன் என்பதுதான் முக்கியம். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள், அது அறவே பொருந்தாததாக இருந்தாலன்றி நாம் தலையிடலாகாது என்ற எண்ணத்தில் நீதிபதிகள் வழக்கை அணுகினார்கள். அப்போது இந்தியாவுக்கு உச்சநீதிமன்றம் கிடையாது. கடைசி வாசல் லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே வாதாடியவர் டி.என்.பிரிட்.

பிரிவி கவுன்சில் "இவர்கள் நிரபராதிகள்" என்று சொல்லவில்லை. சாட்சியத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும் அதிகாரத்தைச் சட்டம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது, அதை நீங்கள் குறுக்கிக்கொண்டீர்கள், மறுபடி கேளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. விடைத்தாள் மறுமதிப்பீட்டில் மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "சரி" என்று எழுதியவரிடம், விடையைப் படித்துப் பாருங்கள் என்று தாளைத் திருப்பிக் கொடுப்பதைப் போல.

1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் முன் வழக்கு மறுபடி வந்தது. புதுச் சாட்சி யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. எழுதி வைத்திருந்த அதே வாக்குமூலங்கள்தாம். அப்ரூவராக மாறியவனின் சாட்சியத்தைப் பெரிதும் நம்பியே வழக்கு நின்றது. குற்றத்தில் தானும் பங்கு என்று சொல்பவன், தன் தலை தப்ப அடுத்தவனை மாட்டிவிடலாம். ஆகவே முக்கியமான விவரங்களில் அவன் சொல்லுக்கு வேறு ஆதாரம் வேண்டும் என்பது நெடுநாள் நீதிமன்ற வழக்கம். அந்தச் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று கண்டு இருவரையும் விடுவித்தார்கள். எல்லா வழக்கிலும் இப்படி ஆகாது. சாட்சியின் முகத்தையும் தடுமாற்றத்தையும் நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. மேலே இருப்பவர் காகிதத்தைத்தான் பார்க்கிறார். அதனால் காரணமில்லாமல் கைவைக்க மாட்டார்கள்.

இன்று நாகர்கோவில் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தால் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம்; ஆயுள் தண்டனைக்கு 60 நாள் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிப்பு உண்டு.

"அப்படியானால் கொன்றது யார் சார்?" என்று அடுத்த கேள்வி வரும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தேடப் போவதில்லை. இந்த ஆதாரம் இந்த மனிதரைத் தண்டிக்கப் போதுமா என்பதைத்தான் பார்க்கும். போதாது என்று தெரிவதற்குள் கலைவாணர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.