அரைப்பேர்

பதுளையில் ஓய்வுபெற்ற ஆசிரியையொருவர், சிறு கூட்டமொன்றில் தம் முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டு உரையாற்றினார்.

“அன்பர்களே! தோட்டத்திலே ‘பேர்’ என்பது ஒரு நாட்சம்பளம். மடுவத்தில் நிறுக்கும்போது, விதித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். மழைநாளில் கொழுந்து மிகுந்தாலும், நீருக்கென்று நிறையைக் கழிப்பார்கள். என் தாயார் பல மாலைகளில் அரைப்பேரோடு வீடு திரும்பினார்.

“1940ஆம் ஆண்டிலே மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி நூலாய் வெளியிட்டார், கூட்டங்களிலே பாடியும் காட்டினார். எழுத்தறியாதவர்க்கும் அப்பாட்டு எட்டியது. ஆகவே, நானும் வாசித்தே காட்டுகிறேன்” என்றார்.

வாசித்தது நூலின் இறுதிப் பக்கம். அதிலே தாயாருடன் கொழுந்து பறித்த பெண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன.

“இங்கே எவர்க்கும் அரைப்பேர் இல்லை” என்று முடித்தார்.