எண் எங்கே நிற்க வேண்டும்?



மலாயும் ஆங்கிலமும் சீனமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் நகரம் நம் ஜார்ஜ் டவுன். இங்குள்ள தங்கும் விடுதி ஒன்று, தொலைபேசியில் அழைப்போரைத் தமிழிலும் வழிநடத்த விரும்புவதாகக் கொள்வோம். அதன் பதிவுக்குரல் எவ்வாறு பேச வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இத்தகைய வாசகம் ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற பின்னரே தமிழுக்கு வருவது வழக்கம். எண் முன்னும் பயன் பின்னுமாக அது அமைந்திருந்தால், "எண் ஒன்றை அழுத்தவும், அறை முன்பதிவு செய்வதற்கு" என்று தமிழாகிவிடும். கேட்பவர் எதற்கென்று அறியாமலே எண்ணை மனத்தில் ஏந்தி நிற்பார்; தமக்கு வேண்டியது அதுவே என்று தெரியும்போது எண் நழுவியிருக்கும். பயனை முதலிலும் எண்ணைப் பின்னும் சொல்லுக என்று ஆங்கிலத்துக்கே வல்லுநர் அறிவுறுத்துகின்றனர். தமிழுக்கோ அது இயல்பான வரிசை: நான்காம் வேற்றுமைப் பெயர் முன்வரும், வினை இறுதியில் நிற்கும். "அறை முன்பதிவுக்கு ஒன்றை அழுத்தவும்." மொழிபெயர்ப்பாளர் தம் மொழியை நம்பியிருந்தாலே போதும்.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. எண்ணுக்குப் பின் உருபும் வினையும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. வினையைத் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லி, பிறகு விட்டுவிடலாம்:

"வணக்கம். உங்களுக்கு வேண்டிய எண்ணை அழுத்துங்கள். அறை முன்பதிவுக்கு ஒன்று. உணவகத்துக்கு இரண்டு. கட்டண விவரத்துக்கு மூன்று. பணியாளருடன் பேசக் காத்திருங்கள்."

இங்கேதான் எச்சரிக்கை தேவை. "அழுத்தவும்" என்னும் வினை வெறும் ஏவல் அன்று. ஒரு வரி முடிந்தது என்பதற்கு அதுவே எல்லைக்கல். அக்கல்லைப் பெயர்த்துவிட்டால் அதன் வேலையை மௌனம் செய்ய வேண்டும். குரல் கொடுப்பவர் "முன்பதிவுக்கு" என்றபின் நிறுத்தி, "ஒன்று, உணவகத்துக்கு" என்று தொடர்ந்து படித்தால், உணவகத்துக்கு ஒன்று என்றே காதில் விழும். ஆகவே பயனுக்கும் எண்ணுக்கும் இடையே நிறுத்தம் கூடாது. எண்ணுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நொடி மௌனம் வேண்டும். எழுத்தில் முற்றுப்புள்ளி இருப்பதால் மட்டும் இது நிகழாது. பதிவின்போது உடனிருந்து கேட்க வேண்டும்.

சோதிப்பது எளிது. வாசகத்தைப் பார்த்திராத ஒருவருக்குப் பதிவை ஒரே முறை ஒலிக்கச் செய்து, "உணவகத்துக்கு எந்த எண்?" என்று வினவுங்கள். ஒன்று என்பாராயின் மௌனம் இடம் மாறியுள்ளது. விடையே வரவில்லையெனில் பட்டியல் நீண்டுவிட்டது. மனம் ஒரே வேளையில் ஏறத்தாழ நான்கு கூறுகளையே தாங்கும் என்று நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். நாம் மூன்றோடு நின்றது அதனாலும்தான்.

பணியாளருக்கு மட்டும் எண் தராமல் விட்டோம். வழக்கமாக அதற்குரியது 0. ஆனால் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு அது சுழியம். தமிழகத்து விருந்தினருக்குப் பூஜ்யம். பலருக்கு வெறும் சைபர். எண்ணை அழுத்தாதவரைச் சில நொடிகளில் பணியாளரிடம் சேர்க்கும்படி இணைப்பகத்தை அமைத்துவிட்டால், இச்சொற்பூசலுக்கு இடமேயில்லை.