வார்ஃபரின் குடிப்பவர்கள் கீரையை விட வேண்டாம்



இதய வால்வு மாற்றிய, கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். இரத்தம் உறையாதிருக்க தினமும் வார்ஃபரின் குடிக்கிறார். "கீரை ஆகாது" என்று யாரோ சொல்ல, அடியோடு நிறுத்திவிட்டார். கீரையிலுள்ள விட்டமின் கே இரத்தம் உறைய உதவும். வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கும். அவர் வழக்கமாகச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஏற்றபடிதான் கிளினிக்கில் மாத்திரை அளவை வைத்திருந்தார்கள். கீரை நின்றதும் ஐ.என்.ஆர். 2.8இலிருந்து 4.5க்கு ஏறியது, பல் துலக்கும்போது இரத்தம் வந்தது. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் அது இறங்கி, வால்வில் இரத்தம் கட்டிவிடும். ஆகவே கீரை சாப்பிடுங்கள். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் என்று கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அவை வயிற்றைப் புண்ணாக்கும். ஐ.என்.ஆர். சரியாக இருந்தாலும் இரத்தம் கசியும். மலம் தார்போல் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோல் பரவாயில்லை, ஆனால் பல நாள் தொடர்ந்தால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். கசாயம், லேகியம், பூண்டு மாத்திரை எதுவானாலும் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஐ.என்.ஆர். ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. இரத்தப் பரிசோதனைக்குத்தான் தெரியும். ஒரு நாள் பேர் போகிறதே என்று அதைத் தவறவிடாதீர்கள்.