கம்பனியின் விலாசம் எங்கே, நமது வேலை எங்கே?

(வத்தேகமையில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணியினருக்கும் நடத்தப்பட்ட வகுப்பில் ஆற்றிய உரை)



நம்மில் எத்தனை பேர் சம்பளச் சீட்டின் மேலே அச்சடித்திருக்கும் பெயரை வாசித்திருக்கிறோம்? பேர் எத்தனை, பிடித்தம் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று கீழே பார்ப்போம். மேலே உள்ள பெயரைப் பார்ப்பதில்லை. தோட்ட வாசலில் உள்ள பலகையில் ஒரு பெயர் இருக்கும். சீட்டில் இன்னொரு பெயர் இருக்கும். சேமலாப நிதிக் கூற்றில் மூன்றாவது பெயர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. நமக்குக் கடன்பட்டவர் இவர்களில் யார், அவருக்கு எந்த விலாசத்துக்குக் கடிதம் போடுவது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். இலங்கையில் பதிவு செய்த ஒவ்வொரு கம்பனிக்கும் பதிவு அலுவலகம் என்று ஒன்று இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த அலுவலகம் இலங்கைக்குள்ளேயே இருக்க வேண்டும். கம்பனிக்கு அனுப்பும் அறிவித்தல்களும் வழக்குப் பத்திரங்களும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அங்கே கொழுந்து நிறுக்க வேண்டியதில்லை, ஆட்கள் வேலை செய்ய வேண்டியதும் இல்லை. கம்பனிக்குக் கடிதம் வரும் வாசல் அது, அவ்வளவுதான். விலாசத்தை மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் மாற்றத்தைக் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காத வரை பழைய விலாசம்தான் சட்டப்படி செல்லும்.

ஆகவே, பதிவு அலுவலகம் கொழும்பிலும் தோட்டம் நக்கிள்ஸ் மலையடிவாரத்திலும் இருந்தால் அது மட்டுமே குற்றம் ஆகாது. நமது தோட்டங்களின் கதையே அப்படித்தான். வெள்ளைக்காரர் காலத்தில் ஸ்டேர்லிங் கம்பனிகள் லண்டனில் பதிவாகியிருந்தன. கொழும்பில் இருந்த ஏஜென்சி ஹவுஸ்கள் கணக்கைப் பார்த்தன. வேலை இங்கே மலையில் நடந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பிறகு ஜனவசம என்று நாம் அழைக்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் பெரும்பாலான தோட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட புதிய கம்பனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நிலம் அரசிடமே இருக்க, கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை கிடைத்தது. அது 2045 வரை ஓடும்.

இதனால் ஒரே தோட்டத்தில் மூன்று பெயர்கள் வந்து விட்டன. நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர். குத்தகைக்கு எடுத்து நம்மை வேலைக்கு வைத்திருக்கும் கம்பனி ஒன்று. அந்தக் கம்பனியை நிர்வகிக்கும் அல்லது அதன் பங்குகளை வைத்திருக்கும் பெரிய குழுமம் இன்னொன்று. வாசல் பலகையில் பெரும்பாலும் குழுமத்தின் பெயர்தான் பளபளப்பாக இருக்கும். ஆனால் நமது சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் பொறுப்பு நடுவில் உள்ள கம்பனி. கடிதத்தைக் குழுமத்தின் பெயரில் போட்டால், "நாங்கள் உங்கள் தொழில்கொள்வோர் இல்லை" என்று இரண்டு வரியில் பதில் எழுதி முடித்து விடலாம்.

நமது பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் சில தோட்டங்கள் இன்னும் ஜனவசமவிடமோ, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோ, எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியிடமோ இருக்கின்றன. முதல் இரண்டும் தனிச் சட்டங்களின் கீழ் அமைந்த அரச நிறுவனங்கள். அவற்றைக் கம்பனிப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவில்லை என்பதற்காகப் பதறத் தேவையில்லை. அவற்றின் தலைமை அலுவலக விலாசத்துக்கு நேரடியாக எழுதலாம்.

இனி, எந்த வேறுபாடு நம்மை யோசிக்க வைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பெரிய கம்பனிகளை விட, இப்போது தோட்டங்களுக்குள் வரும் ஒப்பந்தக் கம்பனிகளில்தான் கூடுதல் கவனம் தேவை. புல் வெட்டுவது, மருந்தடிப்பது, ஸ்டோர் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை வெளிக் கம்பனிக்குக் கொடுப்பார்கள். அந்தக் கம்பனியின் பதிவு விலாசம் ஒரு வீடாக இருக்கலாம், ஒரு கணக்காளரின் அறையாகவும் இருக்கலாம். சின்னக் கம்பனிகள் தங்கள் செயலாளரின் விலாசத்தையே பதிவு விலாசமாகக் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவின் டெலாவெயர் மாநிலத்தில் வட ஆரஞ்சு வீதி 1209 என்ற ஒரே கட்டிடத்தை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பனிகள் தங்கள் விலாசமாகக் காட்டியிருந்தன. அத்தனையும் மோசடிக் கம்பனிகள் அல்ல. ஆகவே விலாசம் வேறாக இருப்பதை வைத்து மட்டும் யாரையும் திருடன் என்று சொல்லக் கூடாது. அந்த விலாசத்தில் நமக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா, அங்கிருந்து நமது கணக்கு நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு சகோதரி தோட்டத்தில் 15 வருடம் வேலை செய்தார். ஒரு நாள் பெரட்டுக் களத்தில், "இனி உங்கள் பகுதி வேறு கம்பனியின் கீழ், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். கையெழுத்துப் போட்டார். அதே மலை, அதே கங்காணி, அதே கூடை. இன்னும் 4 வருடம் வேலை செய்து விட்டு நின்றார். சேவைக்காலப் பணம் கேட்டபோது புதிய கம்பனி, "எங்களிடம் 4 வருடம்தான், 5 வருடம் முடியவில்லை, ஒன்றும் கிடைக்காது" என்றது. பழைய கம்பனி, "நீங்கள் இப்போது எங்கள் ஆள் இல்லை" என்றது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 19 வருடமும் ஒரே சேவை என்று காட்ட முடிந்தால் 266 நாள் சம்பளம். பழைய கம்பனியோடு சேவை முடிந்து விட்டது என்று வைத்துக் கொண்டாலும், அந்தக் கம்பனி 15 வருடத்துக்கு 210 நாள் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். எந்த வழியில் பார்த்தாலும் கணக்கு பூச்சியமாகாது. இருவரும் ஒருவரை ஒருவர் காட்டி நகர்ந்தால்தான் பூச்சியமாகும். அப்படி நகர முடியாமல் செய்வதற்குத்தான் விலாசத்தைத் தேடுகிறோம்.

தேடும்போது மூன்று அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இரண்டு கம்பனிகளும் ஒரே பதிவு விலாசத்தில் இருப்பதும், பணிப்பாளர் பெயர்கள் பொதுவாக இருப்பதும். அப்படியானால் "வேறு கம்பனி" என்ற பேச்சு பலவீனமாகி விடும். வேலை ஒன்று, ஆள் ஒருவர், முதலாளியும் ஒருவர், பெயர்ப் பலகை மட்டும்தான் மாறியது என்று வாதாட இடம் கிடைக்கும்.

இரண்டாவது, ஒரே விலாசத்தில் பல சின்னக் கம்பனிகள் இருப்பது. பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் தொழில்கொள்வோரைப் பிடிக்கிறது. 40 பேரை 14, 13, 13 என்று மூன்று பெயர்களில் பிரித்து வைத்தால், ஒவ்வொரு கம்பனியும் "எங்களிடம் 15 பேர் இல்லை" என்று சொல்லலாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே செக்ரோல், ஒரே மேற்பார்வையாளர், ஒரே கையால் சம்பளம் என்றால், அதைத் தொழில் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பிரச்சினை தொடங்கியதும் விலாசம் மாறுவது. நாம் கடிதம் போட்ட மாதத்திலேயே பதிவு அலுவலகம் வேறு ஊருக்குப் போயிருந்தால், அந்தத் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் விசாரணையில் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது.

இதை எப்படிச் செய்வது? ஒரு கொப்பியில் நான்கு கோடு போட்டாலே போதும். முதல் பத்தியில் சம்பளச் சீட்டில் உள்ள முழுப் பெயர். ஒரு எழுத்தும் விடாமல் எழுதுங்கள், ஒரு சொல் வேறானால் அது வேறு கம்பனி. இரண்டாவதில் சேமலாப நிதிக் கூற்றில் உள்ள தொழில்கொள்வோர் பெயரும் இலக்கமும். நமது சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தொழில்கொள்வோர் 12 வீதம் சேர்த்து அனுப்ப வேண்டிய கணக்கு அது. இடையில் அந்த இலக்கம் மாறியிருந்தால், எந்த மாதத்தில் மாறியது என்று குறியுங்கள். தொழில்கொள்வோர் காகிதத்தில் மாறிய மாதம் பெரும்பாலும் அதுதான். மூன்றாவதில் பதிவேட்டில் உள்ள பெயர், இலக்கம், விலாசம். நான்காவதில் உண்மையில் வேலை நடக்கும் இடமும், அங்கே கட்டளையிடுபவரும்.

மூன்றாவது பத்தியை நிரப்பப் படித்த பிள்ளைகள் உதவலாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் drc.gov.lk என்ற தளத்தில் கம்பனியைப் பெயரால் தேடலாம். இலக்கத்துக்கு முன்னால் PV என்றிருந்தால் அது தனியார் கம்பனி, PQ என்றிருந்தால் பங்குச் சந்தையில் உள்ள கம்பனி. விலாச மாற்ற அறிவித்தல், பணிப்பாளர் விவரம், வருடாந்த அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கட்டணம் செலுத்தி அந்தத் திணைக்களத்தில் பெறலாம். தனியாள் செலவழிக்க வேண்டாம், கமிட்டி மூலம் ஒரு பிரதி எடுத்தால் எல்லோருக்கும் போதும்.

பெயரும் விலாசமும் கிடைத்ததும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்று பதிவு அலுவலகத்துக்கு, இன்னொன்று வேலை நடக்கும் தோட்ட அலுவலகத்துக்கு. தோட்டத்துக்கு மட்டும் கொடுத்தால், "தலைமை அலுவலகத்துக்கு வரவில்லை" என்பார்கள். பதிவு விலாசத்துக்கு மட்டும் அனுப்பினால், "துரைக்குத் தெரியாது" என்பார்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள். "அப்படி ஒருவர் இல்லை" என்று கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்கவே வேண்டாம். பதிவேட்டில் உள்ள விலாசத்தில் அந்தக் கம்பனி இல்லை என்பதற்குத் தபால்காரர் எழுதிக் கொடுத்த சாட்சி அது. அதை அப்படியே தொழில் அலுவலகத்தில் கொடுங்கள்.

தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது நான்கு பத்திகளையும் கொண்டு போங்கள். நிலுவைப் பணத்தை நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிட, தொழில் ஆணையாளர் தரப்பு சான்றிதழ் ஒன்றைத் தாக்கல் செய்யும். அதில் கடன்பட்டவரின் பெயரும் விலாசமும் பிழையாக இருந்தால் அழைப்பாணை சேராது, தவணை மேல் தவணை போகும். பத்து வருடம் உழைத்த பணம் ஒரு பிழையான விலாசத்தால் இரண்டு வருடம் கிடப்பில் கிடக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் மூன்று பொருட்களைக் கொண்டு வாருங்கள்: கடைசிச் சம்பளச் சீட்டு ஒன்று, மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டு ஒன்று, சேமலாப நிதிக் கூற்று ஒன்று. பழைய சீட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். பெயர் எந்த மாதத்தில் மாறியது என்று உட்கார்ந்து பார்ப்போம். யாராவது புதிய தாளில் கையெழுத்துக் கேட்டால், அதற்கு முன் மேலே உள்ள பெயரை வாசியுங்கள். பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். பிரதி தராவிட்டால் கமிட்டிக்குச் சொல்லும் வரை பேனாவைத் தொட வேண்டாம்.