ரிவ்யூ ஒன்றுகூட இல்லாதபோது புரொஃபைலில் என்ன எழுதுவது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை செய்ய முடியுமா என்று நம் குடியிருப்பில் பலர் கேட்கிறீர்கள். ஃபைவர் போன்ற தளத்தில் கணக்குத் தொடங்குவது எளிது. சிக்கல் அதற்குப் பிறகுதான். ரிவ்யூ இல்லாதவருக்கு யார் வேலை தருவார்கள்? வேலை கிடைக்காவிட்டால் ரிவ்யூ எப்படி வரும்?

வாங்குபவர் ரிவ்யூவில் தேடுவது மூன்று விஷயங்கள். இவருக்கு இந்த வேலை தெரியுமா? சொன்ன நாளில் தருவாரா? ஏதாவது சரியில்லை என்றால் திருத்தித் தருவாரா? ரிவ்யூ இல்லாதவரை இந்த மூன்றுக்கும் நம் பக்கமே பதில் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். "டைப்பிங், மொழிபெயர்ப்பு, டேட்டா என்ட்ரி எல்லாம் செய்வேன்" என்று அவர் எழுதினால், ஏற்கெனவே நூறு ரிவ்யூ வைத்திருப்பவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். "தமிழ் ஒலிப்பதிவைக் கேட்டு யூனிகோடில் எழுதித் தருவேன்" என்று ஒரே வேலையைச் சொன்னால், அதைத் தேடி வருபவர் கண்ணில் படுவார். தாத்தா பேசிய பதிவை எழுத்தாக்க நினைக்கும் வெளிநாட்டுப் பேரனுக்கு இவர்தான் தேவை.

அடுத்தது மாதிரி. இரண்டு நிமிடம் நீங்களே பேசிப் பதிவுசெய்து, அதை எழுதி, கிக்கில் படமாகப் போடுங்கள். கிக் என்றால் வேறொன்றுமில்லை, அந்தத் தளத்தின் சேவைப் பக்கம்தான். சரியாகக் கேட்காத இடத்தை எப்படிக் குறிப்பீர்கள், இரண்டு பேர் பேசினால் எப்படிப் பிரிப்பீர்கள் என்பது அந்த மாதிரியில் தெரிய வேண்டும். மேலே 'மாதிரி' என்று எழுதிவிடுங்கள். அதை வாடிக்கையாளர் வேலை என்று காட்டக் கூடாது.

இப்போது சுயவிவரம். ஐந்தாறு வரி போதும். அவர் இப்படி எழுதலாம். தளத்தில் இதை எளிய ஆங்கிலத்தில் போட வேண்டும்:

"என் தாய்மொழி தமிழ். ஒன்பது ஆண்டுகள் அலுவலகத்தில் தமிழ்க் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் தட்டச்சு செய்தேன். இந்தத் தளத்துக்குப் புதியவள். என் வேலையின் மாதிரி கீழே இருக்கிறது. பத்து நிமிட ஒலிப்பதிவை இரண்டு நாளில் தருவேன், ஒரு முறை இலவசமாகத் திருத்துவேன். மதுரை, நெல்லைப் பேச்சு நன்றாகப் புரியும். இலங்கைத் தமிழ் என்றால் முதலில் இரண்டு நிமிடம் அனுப்புங்கள். முடியுமா என்று சொல்லிவிடுகிறேன்."

இதில் கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். முடியாததைச் சொல்பவர் மற்றதையும் உண்மையாகச் சொல்லியிருப்பார் என்று வாங்குபவருக்குத் தோன்றும். தவிர, முடியாத வேலையை வாங்கி முதல் ரிவ்யூவே ஒற்றை நட்சத்திரமாகும் ஆபத்தும் குறையும்.

விலையைக் கணக்குப் போட்டு வையுங்கள். புதியவருக்கு ஒரு நிமிடப் பதிவை எழுதிச் சரிபார்க்க ஆறு நிமிடம் என்று வைத்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். 10 டாலர் விலை வைத்தால் ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும்; கையில் 8 டாலர். புதிய விற்பனையாளருக்கு, ஆர்டர் முடிந்து 14 நாள் கழித்துத்தான் அந்தப் பணத்தை எடுக்க முடியும். 5 டாலருக்கு இறக்கினால் 4 டாலர்தான் மிஞ்சும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பக்கத்து வீட்டாரை ஆர்டர் போடச் சொல்லி ஐந்து நட்சத்திரம் வாங்காதீர்கள். அது விதிமீறல், கணக்கையே மூடிவிடுவார்கள். இரண்டு, புதிய கணக்குக்கு முதலில் வரும் செய்திகளில் மோசடி நிறைய. "டெலிகிராமுக்கு வாருங்கள்", "பெரிய வேலை இருக்கிறது, முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்றால் பதில் எழுதாமல் புகார் செய்யுங்கள். உண்மையாக வாங்குபவர் தளத்துக்குள்ளேயே பேசுவார், தளத்தின் வழியாகவே பணம் தருவார், உங்களிடம் பணம் கேட்கமாட்டார்.

சுயவிவரத்தை எழுதியதும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, "நான் என்ன வேலை செய்கிறேன், எத்தனை நாளில் தருவேன், எது முடியாது?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவரால் பதில் சொல்ல முடிந்தால் கிக்கை வெளியிடலாம்.